க்ளிக்குக்கும் வருகைக்கும் நடுவே தொலையும் பணம்

இத்தாலியில் வோடஃபோன் நிறுவனம் தன் விளம்பரங்களின் லேண்டிங் பேஜை, அதாவது விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் பக்கத்தை, இரண்டு விதமாகச் செய்து சோதித்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே படம், அதே சலுகை, அதே பொத்தான். ஒன்று மட்டும் வேகமாகத் திறக்கும்படி உள்ளே மாற்றி எழுதப்பட்டிருந்தது. விளம்பரத்திலிருந்து வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டுக்கும் அனுப்பினார்கள். 2021-ல் வெளியான அந்தச் சோதனையின் முடிவில், வேகமான பக்கத்துக்கு வந்தவர்களிடமிருந்து 8 சதவீதம் அதிக விற்பனை கிடைத்திருந்தது. விளம்பரச் செலவு ஒரு காசும் கூடவில்லை.

இந்த 8 சதவீதம் பல இடங்களில் மேற்கோளாக வந்துவிட்டது. அதே சோதனையில் அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு ஜோடி எண் இருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு பக்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் க்ளிக் வாக்கில் வந்தன. ஆனால் வருகை என்று பதிவானது தலா 34 ஆயிரம் வாக்கில்தான். விளம்பரத்தைத் தொட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்தின் கணக்கில் ஏறவே இல்லை.

இந்த இடைவெளி முழுவதையும் தாமதத்தின் தலையில் கட்டிவிட முடியாது. கைதவறிப் பட்ட க்ளிக் உண்டு. மனிதரல்லாத நிரல்கள் போடும் க்ளிக் உண்டு. ஐரோப்பாவில் குக்கீக்கு அனுமதி தர மறுப்பவர்களும் கணக்கில் வராமல் போவார்கள். ஆனாலும் க்ளிக், வருகை என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எவருக்கும் இந்த ஓட்டை கண்ணில் படாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் பார்ப்பது பவுன்ஸ் ரேட் என்ற ஒற்றை எண்ணை. அதைத் தனியாகப் படித்தால் அது தவறான திசையைக் காட்டும்.

பவுன்ஸ் ரேட் என்பது, வந்த வேகத்தில் எதுவும் செய்யாமல் திரும்பிப் போனவர்களின் சதவீதம். கூகுள் அனலிடிக்ஸின் இப்போதைய பதிப்பில் இதற்குத் தெளிவான வரையறை உண்டு. ஒருவர் 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கங்களைப் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்து வைத்த ஒரு செயலைச் செய்தாலோ அவர் ஈடுபட்டவர் ஆகிறார். மூன்றில் ஒன்றும் நடக்காவிட்டால் அவர் பவுன்ஸ் கணக்கில் போகிறார்.

இந்தக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். வருகையைப் பதிவு செய்வது பக்கத்துக்குள்ளே இருக்கும் ஒரு சிறு நிரல். அதை டேக் என்பார்கள். கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் ஆளை வாசலில் நிறுத்தாமல் உள் அறையில் உட்கார வைத்தது மாதிரிதான் இது. வாசல் கதவு திறக்கத் தாமதமாகி, வெயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவரை அவர் பார்த்திருக்கவே மாட்டார். பக்கம் திறக்கும் முன்பே பின் பொத்தானைத் தொட்டவர் அனலிடிக்ஸைப் பொறுத்தவரை வரவே இல்லை. விளம்பர நிறுவனத்தின் பில்லைப் பொறுத்தவரை அவர் வந்தவர். அவருக்கான பணம் எடுக்கப்பட்டுவிட்டது.

ஆகவே மெதுவான பக்கம் வாடிக்கையாளரை இரண்டு இடங்களில் இழக்கிறது. டேக் ஓடுவதற்கு முன்னால் போகிறவர்கள் க்ளிக்குக்கும் வருகைக்கும் உள்ள வித்தியாசத்தில் மறைகிறார்கள். டேக் ஓடிய பிறகு, படமும் எழுத்தும் முழுதாகத் தெரிவதற்கு முன்னால் போகிறவர்கள் பவுன்ஸ் ரேட்டை ஏற்றுகிறார்கள். டேக் பக்கத்தின் தொடக்கத்திலேயே இருந்தால் பலர் இரண்டாவது கூட்டத்தில் விழுவார்கள், கடைசியில் இருந்தால் முதல் கூட்டத்தில். பக்கத்தின் வேகத்தைத் தொடாமல், டேக்கை இடம் மாற்றினாலே பவுன்ஸ் ரேட் ஏறி இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, விகிதங்கள்தான் முக்கியம். ஒரு சிறு வியாபாரி மொபைலில் வரும் விளம்பரத்துக்கு 18,000 ரூபாய் செலவிடுகிறார். ஒரு க்ளிக் 4 ரூபாய், ஆக 4,500 க்ளிக். அனலிடிக்ஸில் 2,900 வருகைகள் தெரிகின்றன. பவுன்ஸ் ரேட் 65 சதவீதம். அவர் மனத்தில் ஓடுவது, ‘நூற்றுக்கு 35 பேர் நின்று பார்க்கிறார்கள், பரவாயில்லை’ என்பதுதான். உண்மையில் நின்றவர்கள் 2,900-ல் 35 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1,015 பேர். அவர் காசு கொடுத்தது 4,500 பேருக்கு. அந்தக் கணக்கில் நின்றவர்கள் நூற்றுக்கு 23 பேர்கூட இல்லை. 4 ரூபாய் க்ளிக் என்று நினைத்தது, நின்று பார்த்த ஒவ்வொருவருக்கும் 17 ரூபாய் 70 காசு வாக்கில் முடிந்திருக்கிறது.

இவருடைய முதல் ஜோடி க்ளிக்கும் வருகையும். மெட்டா விளம்பரங்களில் இந்த இரண்டும் ஒரே அறிக்கையில் கிடைக்கும். Link clicks என்ற பத்திக்குப் பக்கத்தில் Landing page views என்ற பத்தியை எடுத்து வைத்தால் போதும். கூகுள் விளம்பரங்களில் க்ளிக்கை அங்கேயும், வருகையை அனலிடிக்ஸிலும் பார்த்து ஒப்பிட வேண்டும். கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும், அது இயல்பு. மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், விளம்பரம் காட்டப்படும் இடம் வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். வேறு செயலிகளுக்குள்ளும் விளையாட்டுகளுக்குள்ளும் காட்டப்படும் விளம்பரத்தில் மட்டும் இடைவெளி பெரிதாக இருந்தால் அது கைதவறிய க்ளிக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே பக்கத்தை வேகப்படுத்திப் பயனில்லை, அந்த இடத்தையே நிறுத்த வேண்டும். எல்லா இடங்களிலும் மொபைலில் இடைவெளி பெரிதாகவும், கணினியில் சிறிதாகவும் இருந்தால், தாமதத்தின் மேல் சந்தேகம் விழ வேண்டும்.

இரண்டாவது ஜோடி, திறக்கும் நேரமும் பவுன்ஸ் ரேட்டும். நேரத்தை அளக்க இப்போது பரவலாகப் பயன்படுவது எல்.சி.பி. என்ற அளவு. திரையில் தெரியும் மிகப் பெரிய பொருள், பெரும்பாலும் மேலே உள்ள படமோ தலைப்போ, வந்து நிற்க எவ்வளவு நேரமாயிற்று என்பதே அது. வருகைகளில் முக்கால்வாசிக்காவது அது 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது, 4 விநாடியைத் தாண்டினால் மோசம் என்பது கூகுள் வகுத்த எல்லை.

சராசரியைப் பார்ப்பதில் பொருளில்லை. வைஃபையில் வந்த ஒருவரின் 1 விநாடியும், பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது பார்த்த இன்னொருவரின் 9 விநாடியும் சேர்ந்து 5 என்று ஆகும், அந்த 5 விநாடியை இருவருமே அனுபவித்திருக்க மாட்டார்கள். வருகைகளை நேர வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பவுன்ஸ் ரேட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். நம் வியாபாரியின் 2,900 பேரை அப்படிப் பிரிக்கிறோம். 2.5 விநாடிக்குள் பக்கம் கிடைத்த 900 பேரில் பவுன்ஸ் 48 சதவீதம். 2.5 முதல் 4 விநாடி வரை காத்திருந்த 1,000 பேரில் 63. அதற்கும் மேல் காத்திருந்த 1,000 பேரில் 82. இவை மூன்றும் கலந்ததுதான் அந்த 65. ஒற்றை எண்ணாகப் பார்த்தபோது விளம்பரமே சரியில்லை, பொருளே பிடிக்கவில்லை என்று தோன்றியிருக்கும். பிரித்துப் பார்த்தபோது, அதே விளம்பரத்தைப் பார்த்து வந்து, பக்கம் சீக்கிரம் கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் நின்றிருப்பது தெரிகிறது.

மாறாக, மூன்று பிரிவிலும் 65-ஐ ஒட்டியே இருந்திருந்தால், வேகத்தில் கை வைக்கத் தேவையில்லை. விளம்பரம் சொன்ன வாக்குறுதியும் பக்கத்தில் இருந்த விஷயமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். விளம்பரத்தில் பாதி விலை என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் முழு விலையைக் காட்டினால், பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தாலும் ஆட்கள் போய்விடுவார்கள். தாமதமா, விஷயமா என்று பிரித்துச் சொல்வது இந்த இரண்டாவது ஜோடிதான்.

இதற்கும் வரம்பு உண்டு. மெதுவாகத் திறந்தவர்கள் வேறு வகை மனிதர்களாக இருக்கலாம். பழைய போன், பலவீனமான சிக்னல், போகிற போக்கில் பார்க்கிற மனநிலை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தே வரும். பக்கத்தை வேகமாக்கிவிட்டால் 82 உடனே 48 ஆகிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. அது அதிகபட்ச எல்லை, கிடைக்கப்போவது அதற்கும் குறைவு. இன்னொன்று, படம் வந்து சேர்வதற்கு முன்பே போய்விட்டவருக்கு எல்.சி.பி. அளவே பதிவாகாமல் போகலாம். மிக மோசமாகத் தவித்தவர்கள் இந்தப் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு சந்தேகங்களையும் ஒரே அடியாகத் தீர்ப்பது வோடஃபோன் செய்த மாதிரி ஆட்களைக் குலுக்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதிப்பதுதான். அங்கே எல்.சி.பி. 8.3 விநாடியிலிருந்து 5.7-க்குத்தான் இறங்கியது. 5.7 என்பதும் கூகுளின் எல்லைப்படி மோசமான பக்கமே. ஆனாலும் விற்பனை 8 சதவீதம் கூடியது. 2.5-ஐத் தொட்டால்தான் பலன் என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிற சிறு நிறுவனங்களுக்கு இந்த இரண்டு எண்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

‘எங்கள் பக்கம் வேகமாகத்தானே திறக்கிறது’ என்று உரிமையாளர்கள் சொல்வது பொய்யல்ல. அவர்கள் போனில் அது உண்மையிலேயே வேகமாகத் திறக்கிறது. முன்பு பலமுறை பார்த்த பக்கமாதலால் படங்களும் நிரல்களும் போனிலேயே சேமிப்பில் இருக்கும். விளம்பரத்திலிருந்து வருகிறவரோ முதன்முறையாக வருகிறவர், எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. விளம்பரத்தைத் தொடும்போது அந்த முகவரியின் வாலில் ஒரு நீண்ட குறியீடு ஒட்டிக்கொள்கிறது. கூகுள் `gclid` என்றும் மெட்டா `fbclid` என்றும் சேர்க்கும் குறியீடு அது, ஒவ்வொரு க்ளிக்குக்கும் வேறு வேறு. பல தளங்களில் சர்வர், ஏற்கெனவே தயாரித்து வைத்த பக்கத்தை முகவரியை வைத்தே தேடி எடுத்துத் தருகிறது. வால் மாறினால் அதற்கு அது புதிய முகவரி. தயாராக இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, தரவுத்தளத்தைத் தட்டி எழுப்பி, பக்கத்தை முதலிலிருந்து தயாரிக்கிறது. சும்மா முகவரியைத் தட்டச்சு செய்து பார்க்கும் உரிமையாளருக்கு உடனே கிடைப்பது, காசு கொடுத்துக் கூட்டி வந்த வாடிக்கையாளருக்கு மட்டும் தாமதமாகக் கிடைக்கிறது. விளம்பரம் மும்முரமாக ஓடும்போது இந்தச் சுமையே சர்வரைத் திணறடித்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. முகவரியின் கடைசியில் `?fbclid=test123` என்று சேர்த்து, மறைமுகப் பார்வை முறையில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அடுத்து வாலில்லாமல் திறந்து பாருங்கள். வாலோடு திறக்கும்போது, வெவ்வேறு எண்களை மாற்றிப் போட்டாலும், ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்து தெரியவே நேரமானால் கோளாறு அங்கேதான். இந்தக் குறியீடுகளைப் பொருட்படுத்தாமல் தயார்ப் பக்கத்தைக் கொடுக்கும்படி சர்வரில் அமைத்துவிடலாம். தளத்தைப் பராமரிப்பவருக்கு அது சிறு வேலை.

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியைப் பலரும் நம்பியிருக்கிறார்கள். அதில் உண்மையான பயனர்களின் கடந்த 28 நாள் அனுபவம் தெரியும். நல்ல கருவிதான். ஆனால் அந்தத் தகவல் குரோம் உலாவியிலிருந்து வருவது. ஐபோனில் வருகிறவர்கள் அதில் இல்லை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் செயலிகளுக்குள்ளேயே திறக்கும் உலாவியில் பார்ப்பவர்களும் இல்லை. மெட்டாவில் விளம்பரம் செய்பவரின் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி அந்த உள் உலாவியில்தான் பக்கத்தைப் பார்க்கிறார்கள். கருவி பச்சை காட்டுகிறது என்பதற்காக, அவர்களும் நலமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தாமதத்தின் மற்ற காரணங்கள் பெரும்பாலும் ஒரே வகைப்பட்டவை. மேலே வரும் பெரிய படம் கேமராவிலிருந்து எடுத்தபடியே போடப்பட்டிருக்கும். அல்லது ‘கீழே உருட்டும்போது மட்டும் இறக்கு’ என்ற அமைப்பு, முதல் பார்வையிலேயே தெரிய வேண்டிய படத்துக்கும் பொருந்திவிட்டிருக்கும். வோடஃபோனில் செய்ததும் மாயமொன்றுமல்ல. போனில் ஓடிய நிரலின் வேலையை சர்வரிலேயே முடித்து, தயாரான பக்கமாக அனுப்பினார்கள். தலைப்படத்தின் அளவைக் குறைத்தார்கள். திரையில் தெரியாத படங்களை முதலிலேயே இறக்காமல் நிறுத்தினார்கள்.

தாமதத்தால் வீணாவது திரும்பிப் போனவர்களுக்குக் கொடுத்த காசு மட்டுமல்ல. கூகுள் தேடல் விளம்பரங்களில் ஏலத்தில் யாருடைய விளம்பரம் மேலே வரும், ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை முடிவு செய்யும்போது லேண்டிங் பேஜின் தரமும் பார்க்கப்படுகிறது. மோசமான பக்கத்தின் சொந்தக்காரர், அதே இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க நேரலாம்.

பக்கத்தைச் சரிசெய்த பிறகு எண்களைப் படிப்பதுதான் கடினமான கட்டம். 2012-ல் யூட்யூபின் முன்னாள் பொறியாளர் கிறிஸ் ஸக்கரையஸ் எழுதிய அனுபவம் இதற்குப் பொருத்தமானது. 1.2 மெகாபைட் அளவிலிருந்த வீடியோ பக்கத்தை அவர் 100 கிலோபைட்டுக்கும் கீழே குறைத்தார். சிலருக்குத் திறந்து சோதித்தபோது, சராசரித் திறக்கும் நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. ஆராய்ந்ததில், அதுவரை பக்கம் திறக்கவே முடியாமல் விட்டுவிட்ட தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா போன்ற மெதுவான இணைப்புப் பகுதி மக்கள் இப்போது உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். பழைய கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. புதிய கணக்கில் வந்ததும் சராசரியை இழுத்துவிட்டார்கள்.

நம் வியாபாரிக்கும் இது நடக்கலாம். பக்கம் வேகமானதும் வருகை 2,900-லிருந்து 3,800 ஆகிறது, பவுன்ஸ் ரேட் 65-லிருந்து 66 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பவுன்ஸ் ரேட்டை மட்டும் பார்ப்பவர் வேலை வீண் என்று சொல்லிவிடுவார். ஆனால் நின்றவர்கள் 1,015-லிருந்து ஏறக்குறைய 1,290 ஆகியிருக்கிறார்கள். அதே 18,000 ரூபாய்க்கு, நின்ற ஒருவருக்கு ஆன செலவு 14 ரூபாயாக இறங்கியிருக்கிறது.

தலைகீழும் நடக்கும். தளத்தை வேகப்படுத்தும் சில செருகு நிரல்கள், பார்வையாளர் திரையைத் தொடும் வரையோ உருட்டும் வரையோ எல்லா நிரல்களையும் நிறுத்தி வைக்கின்றன. அனலிடிக்ஸின் டேக்கும் அதில் சேர்ந்து நின்றுவிடுகிறது. எதையும் தொடாமல் போனவர்கள் இனிக் கணக்கிலேயே வர மாட்டார்கள். பவுன்ஸ் ரேட் ஒரே நாளில் பாதியாகக் குறைந்து எல்லோரையும் மகிழ்விக்கும். அந்த நேரத்தில் க்ளிக்குக்கும் வருகைக்கும் உள்ள இடைவெளி திடீரென அகன்றிருந்தால், வாடிக்கையாளர் யாரும் கூடுதலாக நிற்கவில்லை, எண்ணுவதுதான் குறைந்திருக்கிறது. செருகு நிரலின் அமைப்பில் அனலிடிக்ஸ் டேக்குக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு, மாற்றத்துக்கு முந்தைய வாரத்தின் க்ளிக், வருகை, நின்றவர்கள், செலவு நான்கையும் ஒரே வரியில் எழுதி, அதன் கீழே மாற்றத்துக்குப் பிந்தைய வாரத்தை எழுதினால், எது நடந்தது என்று அந்த இரண்டு வரியிலேயே படித்துவிடலாம். அந்த இரண்டு வாரங்களில் விளம்பரத்தின் படத்தையோ பட்ஜெட்டையோ காட்டப்படும் இடங்களையோ மாற்றாமல் இருக்க வேண்டும்.